எல்லா ஆண்டும் பெப்ரவரி 29

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்ததும், கற்றுக்கொண்டதைச் சில படங்களாக்கி லிங்க்ட்இனில் அடுக்கிப் போடுவது என் வயதுப் பொறியியலாளர்களிடம் ஒரு வழக்கம். ஒரு படத்துக்கு ஒரு வரி. நானும் போட்டேன். "டிக்கெட்டோடு நிற்காதே, எழுதியவரிடம் பேசு." "திருத்துவதற்கு முன் பிழையை உன் கையால் ஒரு தடவை வரவழை." "கோட்டைத் திருத்தினால் பாதி வேலைதான் முடிந்தது." இப்படிச் சில. அதைப் பார்த்துவிட்டு ஏறாவூரில் எங்கள் ஒழுங்கைத் தம்பிமார் வந்தார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறவர்கள். "காக்கா, வரி எல்லாம் விளங்குது. ஆனா வேலையில இத எப்படிச் செய்யிற?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் இல்லை. ஆனால் அந்த வரிகளில் பெரும்பாலானவை ஒரே டிக்கெட்டிலிருந்து எனக்குக் கிடைத்தவை. அந்த டிக்கெட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சொன்னால் பதில் கிடைத்துவிடும்.

டிக்கெட்டில் இருந்தது

நான் வேலை செய்யும் நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. நான் ஏறாவூரில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் இடங்களில் ஒன்று மட்டக்களப்பு நகரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையம். நோயாளி வந்ததும் கவுண்டரில் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் மூன்றையும் பதிவார்கள். அண்மையில் அதில் ஒரு வசதி சேர்க்கப்பட்டிருந்தது. அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினால், பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தாமாக நிரம்பிவிடும்.

இது எப்படி முடிகிறது என்பதை இலங்கைக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் V அல்லது X என்ற எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். அடுத்த மூன்று இலக்கம், அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பது. பெண் என்றால் அந்த நாள் எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். அதற்குப் பின் மூன்று இலக்கத் தொடர் எண், பிறகு ஒரு சரிபார்ப்பு இலக்கம். 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கத்தில் 12 இலக்கங்கள். ஆண்டு நான்கு இலக்கமாக முழுதாக வரும், தொடர் எண்ணும் நான்கு இலக்கமாகும், கடைசி எழுத்து கிடையாது. ஆக, இலக்கத்தைப் பார்த்தே ஒருவரின் பிறந்த நாளைக் கணக்கிடலாம்.

எனக்கு வந்த டிக்கெட்டில் இருந்தது ஒரே வரி: பிறந்த திகதி பிழையாக வருகிறது. யாருக்கு, எப்போது, எவ்வளவு பிழை என்று எதுவும் இல்லை. கூட ஒரு படமும் இல்லை.

என் டீம் லீட் சிங்களவர். என்னை "மல்லி" என்று கூப்பிடுவார், தம்பி என்று அர்த்தம். திகதிப் பிழை என்றால் முதலில் நேர வலயத்தைப் பார் என்றார். அனுபவம் உள்ள எவரும் அதைத்தான் சொல்வார்கள். கொழும்பு நேரம் நள்ளிரவு 12 மணி என்றால் உலகப் பொது நேரத்தில் அது முந்தைய நாள் மாலை 6.30. பிறந்த திகதியை வெறும் திகதியாக வைக்காமல் நேரத்தோடு சேர்த்துச் சேமித்துவிட்டால், போய்த் திரும்பும் வழியில் ஒரு நாள் கழன்றுவிடும். இலங்கைக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1996 மே மாதம் நாடு கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னுக்குத் தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணிநேரம் பின்னுக்கு எடுத்தது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய ஐந்தரை மணிக்கே திரும்பியது. எனவே அந்தப் பத்தாண்டுத் திகதிகளைக் கையாளும் எந்த மென்பொருளையும் சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது.

நான் கோட்டைத் திறப்பதற்கு முன் மருத்துவ நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். டிக்கெட் போட்ட அக்கா கவுண்டரில்தான் இருந்தார்.

"தம்பி, எல்லாருக்கும் பிழை வாறல்ல. சில ஆக்களுக்கு ஒரு நாள் கூடக் காட்டுது. நான் அட்டையப் பார்த்து மாத்திப் போட்டுத்தான் சேவ் பண்ற. சனம் கூடின நேரம் பார்க்க ஏலாமப் போயிரும். இன்சூரன்ஸ்காரர் போமத் திருப்பி அனுப்பினதால தான் சொன்ன."

இந்தச் சில வாக்கியங்களில் டிக்கெட்டில் இல்லாத மூன்று விடயங்கள் இருந்தன. எல்லோருக்கும் பிழை வரவில்லை. ஒரு நாள் கூடுகிறது, குறையவில்லை. சில பதிவுகள் கையால் திருத்தப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டும் சேர்ந்து நேர வலயச் சந்தேகத்தை அங்கேயே தீர்த்துவிட்டன. இலங்கையில் நேர வலயக் கோளாறு என்றால் திகதி ஒரு நாள் குறைய வேண்டும், அதுவும் எல்லோருக்கும் குறைய வேண்டும். மூன்றாவது விடயத்தின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை. வேலையின் இரண்டாம் பாதி முழுவதும் அதைச் சுற்றியே நடந்தது.

மேசையில் விரித்த அட்டைகள்

யாருக்குப் பிழை, யாருக்குச் சரி என்று பிரிக்க வேண்டும். நோயாளிகளின் முழு இலக்கத்தையும் என் மடிக்கணினிக்கு இறக்கி வைப்பது முறையல்ல. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒருவர் மருத்துவரிடம் போன செய்தி என் கணினியில் கிடக்கத் தேவையில்லை. எனக்கு வேண்டியது முதல் ஐந்து இலக்கம் மட்டுமே. அதற்கு வீட்டில் இருந்த அட்டைகளே போதும். எங்கள் அடையாள அட்டையில் இலக்கமும் இருக்கிறது, பிறந்த திகதியும் இருக்கிறது. கேள்வியும் விடையும் ஒரே அட்டையில்.

வாப்பா, உம்மா, ராத்தா மூவரின் அட்டைகளையும் வாங்கி மேசையில் வைத்தேன். வாப்பாவின் இலக்கம் 63253 என்று தொடங்குகிறது. அட்டையில் உள்ள திகதி 1963 செப்டம்பர் 9. உம்மாவின் இலக்கம் 68657 என்று தொடங்குகிறது. 500ஐக் கழித்தால் 157ஆவது நாள். அட்டையில் 1968 ஜூன் 5. ராத்தாவுக்கு 91542, அதாவது 42ஆவது நாள். அட்டையில் 1991 பெப்ரவரி 11.

மூன்றையும் எங்கள் மென்பொருளில் தட்டினேன். உம்மாவுக்குச் சரி. ராத்தாவுக்குச் சரி. வாப்பாவுக்கு செப்டம்பர் 10 என்று காட்டியது.

பிறகு மாதங்களின் நாட்களைத் தாளில் கூட்டினேன். 1963இல் ஜனவரி முதல் ஓகஸ்ட் முடிய 243 நாட்கள். செப்டம்பர் 9 என்றால் 252 வர வேண்டும். அட்டையில் 253 இருக்கிறது. ஒன்று கூட இருப்பது மென்பொருளில் அல்ல, இலக்கத்திலேயே. 1968 நெட்டாண்டு, அங்கே எந்தக் குழப்பமும் இல்லை. 1991 நெட்டாண்டு அல்ல, ஆனால் ராத்தா பிறந்தது பெப்ரவரி முடிவதற்கு முன்.

அப்படியானால் விதி ஒன்றுதான் இருக்க முடியும். அடையாள அட்டை இலக்கம் எல்லா ஆண்டுக்கும் 366 நாட்கள் என்று வைத்துக்கொள்கிறது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள். அதனால் மார்ச் முதலாம் திகதி எந்த ஆண்டிலும் 61. டிசம்பர் 31 எந்த ஆண்டிலும் 366. கையால் எழுதிப் பதிந்த காலத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரே ஓர் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்தால் போதும், ஆண்டு நெட்டாண்டா இல்லையா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

எங்கள் கோடு வேறு விதமாக நினைத்திருந்தது. அதில் பழைய இலக்கத்துக்கான பகுதி இது:

```python
year = int("19" + nic[:2])
day = int(nic[2:5])
if day > 500:
    day -= 500
return date(year, 1, 1) + timedelta(days=day - 1)
```

படிக்கும்போது இதில் பிழை தெரியாது. ஆண்டின் முதல் நாளை எடுத்து, நாள் எண்ணில் ஒன்றைக் குறைத்துக் கூட்டு என்கிறது. உண்மை நாட்காட்டிக்கு அது சரி. அடையாள அட்டையின் நாட்காட்டிக்குத்தான் அது சரியில்லை. `git blame` போட்டுப் பார்த்தால் அந்த வரிகளோடு இருந்த குறிப்பு "add nic dob" என்பது மட்டும். எந்த விதியை நம்பி எழுதினார், அதை எங்கிருந்து பெற்றார் என்று ஒரு சொல்லும் இல்லை. எழுதியவர் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார்.

இங்கே ஒரு கேள்வி எழும். நெட்டாண்டு அல்லாத ஆண்டுகள் நான்கில் மூன்று. அவற்றில் பத்து மாதங்களில் பிறந்த எல்லோருக்கும் பிழை என்றால், எட்டுப் பேரில் ஐந்து பேருக்குப் பிழையான திகதி வந்திருக்கும். இவ்வளவு பெரிய பிழை எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது? ஒரு நாள் தள்ளிய திகதியும் பார்வைக்கு ஒழுங்கான திகதிதான். திரையில் சிவப்பாக எதுவும் வராது, மென்பொருள் நின்றுவிடாது. வயதைக் கணக்கிட்டால் பிறந்த நாளன்று மட்டும்தான் ஒரு வயது குறையும், மற்ற நாளெல்லாம் சரியாகவே வரும். கவுண்டரில் பார்த்தவர்கள் பேசாமல் திருத்திக்கொண்டார்கள். காப்புறுதி நிறுவனம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இடம் என்பதால்தான் அங்கே மாட்டியது. மென்பொருள் நின்றுபோனால் அன்றே தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே பிழையான விடை தருவதைக் கண்டுபிடிக்க, விடை முன்பே தெரிந்த ஒரு கேள்வியை நாமே கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் தோற்கும் சோதனை

காரணம் தெரிந்ததும் கை உடனே திருத்தப் போகும். டீம் லீட் நிறுத்தினார். முதலில் தோற்கும் ஒரு டெஸ்ட் எழுது, அது தோற்பதைப் பார், பிறகு திருத்து என்றார். இதற்கு ஒரு காரணம் உண்டு. திருத்திய பின் எழுதும் டெஸ்ட் எப்படியும் பச்சை காட்டும். அது பிழையைப் பிடிக்குமா, சும்மா பச்சை காட்டுகிறதா என்று நமக்குத் தெரியாது. தோற்றதைக் கண்ணால் பார்த்த டெஸ்ட் வென்றால்தான் அதற்கு அர்த்தம்.

யாருடைய உண்மையான இலக்கத்தையும் டெஸ்டில் போடக்கூடாது. தொடர் எண்ணுக்குச் சைபர்களைப் போட்டேன்:

```python
def test_march_first_non_leap():
    assert birth_date("850610000V") == date(1985, 3, 1)
```

பழைய கோடு மார்ச் 2 என்று சொல்லித் தோற்றது. அடுத்து விளிம்புகளை எடுத்தேன். 85059 என்றால் பெப்ரவரி 28. அது ஏற்கெனவே சரியாக வந்தது, திருத்திய பின்னும் சரியாகவே வர வேண்டும். 84060 என்றால் 1984 நெட்டாண்டின் பெப்ரவரி 29. 85561 என்றால் மார்ச் முதலாம் திகதி பிறந்த பெண். எல்லாவற்றிலும் நன்றாகப் பிழையைக் காட்டியது 85366. அது டிசம்பர் 31. பழைய கோடு அதை 1986 ஜனவரி முதலாம் திகதிக்குத் தள்ளியது, ஆண்டே மாறிவிட்டது. புதிய 12 இலக்க வடிவத்துக்கும் இதே வரிசையை இன்னொரு தடவை எழுதினேன். நாள் எண்ணும் விதி இரண்டிலும் ஒன்றுதான்.

திருத்தம் மிகச் சிறியது. எந்த ஆண்டாக இருந்தாலும் மாதத்தையும் நாளையும் ஒரு நெட்டாண்டின் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும், பிறகு உண்மையான ஆண்டைப் போட வேண்டும். 2000 நெட்டாண்டு என்பதால் அதை எடுத்தேன்:

```python
d = date(2000, 1, 1) + timedelta(days=day - 1)
return date(year, d.month, d.day)
```

இதைப் பார்வைக்கு அனுப்பியதும் டீம் லீட் இரண்டு கேள்விகள் கேட்டார். நாள் எண் 400 என்று வந்தால்? என் கோடு அதை 2001க்குள் கொண்டுபோய், பெப்ரவரியில் ஒரு நாளைப் பேசாமல் தந்துவிடும். எனவே 500ஐக் கழித்த பின் எண் 1க்கும் 366க்கும் இடையில் இல்லையென்றால் கணக்கிடாமல் நிறுத்த வேண்டும். இரண்டாவது கேள்வி, நெட்டாண்டு அல்லாத ஆண்டில் 60 என்று வந்தால்? அப்படி ஓர் ஆள் இருக்க முடியாது, ஏனென்றால் அந்த ஆண்டில் அந்த நாளே இல்லை. பைத்தன் அந்த இடத்தில் தானாகவே பிழை எழுப்பும். அதைப் பிடித்து மார்ச் முதலாம் திகதிக்கோ பெப்ரவரி 28க்கோ நகர்த்தினால் நாமே ஒரு பொய்யைப் பதிவேட்டில் எழுதியவர்கள் ஆவோம். இரண்டு சந்தர்ப்பத்திலும் திரை என்ன சொல்ல வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். "இலக்கத்தை மீண்டும் பார்க்கவும்" என்பது போதும் என்றார். அநேகமாக ஓர் இலக்கம் மாறித் தட்டப்பட்டதாகத்தான் இருக்கும் என்பது அவருடைய அனுபவம்.

பல்கலைக்கழகத்தில் கோட் ரிவியூவை நான் மதிப்பெண் போடுவது போன்ற ஒன்றாக நினைத்திருந்தேன். வேலையில் அது வேறு. நான் யோசிக்காத உள்ளீடு எது என்று இன்னொருவர் தேடித் தருவது. அதனால் பார்ப்பவருக்கு வேலை இலகுவாக இருக்க வேண்டும். சிறிய மாற்றம், அதற்கான காரணம், விதி எது, அதை எப்படி உறுதிசெய்தேன் என்ற விளக்கம். இந்த விளக்கத்தை எழுத எனக்குக் கோடு எழுதியதை விடக் கூட நேரம் எடுத்தது. அந்த நேரம் வீண் அல்ல. "add nic dob" என்ற குறிப்புக்குப் பதிலாக இன்று அங்கே விதி முழுதாக இருக்கிறது.

ஏற்கெனவே பதிந்த திகதிகள்

திருத்திய கோடு அன்று முதல் வரும் நோயாளிகளுக்குச் சரியாக நிரப்பும். அதற்கு முன் பதிந்தவர்களின் திகதி பிழையாகவே கிடக்கும். டிக்கெட்டை மூடிவிட்டால் காப்புறுதிப் போமங்கள் தொடர்ந்து திரும்பி வந்துகொண்டுதான் இருக்கும்.

முதலில் தோன்றும் வழி எளிது. நெட்டாண்டு அல்லாத ஆண்டில், பெப்ரவரிக்குப் பின் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாளைக் கழித்துவிடுவது. ஒரு வரிக் கட்டளையில் முடிந்துவிடும். அக்கா தொலைபேசியில் சொன்னது இங்கேதான் கைகொடுத்தது: அட்டையைப் பார்த்து மாற்றிப் போட்டுத்தான் சேவ் பண்ணுகிறேன் என்றார் அல்லவா. அவர் சரியாகத் திருத்தி வைத்த திகதிகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு நாளைக் கழித்தால் அவருடைய உழைப்பை நாம் அழித்து, சரியானதைப் பிழையாக்கியிருப்போம். மேலோட்டமாகப் பார்த்து எது கையால் திருத்தியது, எது தானாக நிரம்பியது என்று பிரிக்கவும் முடியாது. அட்டவணையில் அப்படி ஒரு குறிப்பு இல்லை.

பிரிப்பதற்கு ஒரு வழி இருந்தது. பழைய கோட்டை நாங்கள் அழிக்கவில்லை, அதை மறுபடி ஓட்டலாம். ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள அட்டை இலக்கத்திலிருந்து இரண்டு திகதிகளைக் கணக்கிட்டோம்: பழைய கோடு தந்திருக்கக்கூடியது ஒன்று, புதிய கோடு தருவது ஒன்று. பிறகு சேமித்திருக்கும் திகதியை இரண்டோடும் ஒப்பிட்டோம். புதியதோடு பொருந்தினால் அது சரியாகவே இருக்கிறது, தொடத் தேவையில்லை. பழையதோடு மட்டும் பொருந்தினால் அது தானாக நிரம்பிய பிழை, மாற்றலாம். இரண்டோடும் பொருந்தாவிட்டால் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அதை மென்பொருள் தீர்மானிக்கக் கூடாது.

இந்த மூன்றாவது கூட்டத்தைப் பார்க்க நானே மட்டக்களப்புக்குப் போனேன். திருகோணமலை வீதியில் பஸ் பிடித்து, மயிலம்பாவெளி, தன்னாமுனை தாண்டிப் போனால் நகரம். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவருக்குப் பார்த்த உடனே விளங்கியது. அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளைத் தாயின் இலக்கத்தில் பதிந்து, பிறந்த திகதியை மட்டும் பிள்ளையினுடையதாக மாற்றியிருக்கிறார்கள். மனைவியோடு வந்த கணவர் தன் அட்டையை நீட்டியிருக்கிறார். இன்னும் சிலவற்றில் இலக்கமே பிழையாகத் தட்டப்பட்டிருந்தது. பிள்ளைக்குப் பதியும்போது இலக்கத்தைக் கட்டாயமாகக் கேட்பது எங்கள் மென்பொருள்தான். அதைத் தாண்டி வேலையை நடத்த கவுண்டரில் கண்ட வழி அது. அதை அவர்களின் பிழை என்று சொல்ல முடியாது. அதற்குத் தனி டிக்கெட் போட்டேன். பிள்ளைக்குப் பாதுகாவலரின் இலக்கம் என்று வேறொரு கட்டம் வந்தது அதன் பிறகுதான்.

மாற்ற வேண்டியவற்றை மாற்றுவதற்கு முன் அட்டவணையின் பிரதி ஒன்றை எடுத்து வைத்தோம். முதல் ஓட்டம் எதையும் மாற்றாமல், எதை எதுவாக மாற்றப் போகிறது என்று பட்டியல் மட்டும் போட்டது. அதில் கண்ட பதிவுகள் சிலவற்றை அக்கா கோப்போடு ஒப்பிட்டுச் சரி என்ற பிறகே உண்மையாக ஓட்டினோம். ஓட்டியது கவுண்டர் மூடிய பின், இரவில்.

ஒருவருக்கு இரண்டு இலக்கம்

பட்டியலைப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. ஒரே ஆள் இரண்டு தடவை பதியப்பட்டிருந்தார். அட்டை தொலைந்து 2016க்குப் பின் புதிதாக எடுத்தவருக்கு 12 இலக்கம் வந்திருக்கும். முன்பு பழைய இலக்கத்தில் பதிந்தவர் இப்போது புதிய இலக்கத்தைக் கொடுத்தால் மென்பொருளுக்கு அவர் புதிய ஆள். பழைய மருத்துவக் குறிப்புகள் மருத்துவரின் திரையில் வராது.

மாற்றும் முறை நேரானது. ஆண்டுக்கு முன் 19ஐச் சேர்க்க வேண்டும், தொடர் எண்ணுக்கு முன் ஒரு சைபரைச் சேர்க்க வேண்டும், கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். `850610000V` என்பது `198506100000` ஆகும். தேடுவதற்கு எல்லாவற்றையும் 12 இலக்கமாக்கி வைத்தோம். ஆனால் கவுண்டரில் தட்டியதை அப்படியே இன்னொரு கட்டத்திலும் வைத்திருக்கிறோம். 12 இலக்கத்திலிருந்து பழையதற்குத் திரும்பிப் போனால் கடைசி எழுத்து V ஆ X ஆ என்பது தெரியாது. ஒருவழிப் பாதையில் போகும்போது மூலத்தை எறியக் கூடாது.

பெயரிலும் இதே வகைச் சிக்கல் இருந்தது. யோகராசா என்று தேடினால் சில யோகராசாக்கள் வரவில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. யோ என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். யகரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாகச் சேர்ந்து வரலாம். அல்லது யகரம், ஏகாரக் குறி, கால் என்று மூன்று துண்டாக வரலாம். பாமினி எழுத்துருவில் இருந்த பழைய பட்டியல்களை யுனிகோடுக்கு மாற்றிக் கொண்டுவந்தபோது துண்டு துண்டாக வந்திருந்தன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு:

```python
a = "\u0baf\u0bcb"
b = "\u0baf\u0bc7\u0bbe"
a == b                                # False
unicodedata.normalize("NFC", b) == a  # True
```

சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் NFC வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் யோகராசாக்கள் எல்லோரும் வந்தார்கள். இதற்கும் ஓர் எல்லை உண்டு. யுனிகோடு ஒன்று என்று சொல்லியிருப்பவற்றை மட்டுமே NFC ஒன்றாக்கும். ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டினால் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் அவை வேறு வேறு எழுத்துகளாகவே நிற்கும். முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று எங்கள் ஊரில் ஒரே பெயரை எழுதும் வழிகளையும் அது சேர்க்காது. அதை எழுத்து மட்டத்தில் தீர்க்க முயல வேண்டாம் என்று முடிவுசெய்தோம். ஆளை உறுதிப்படுத்துவது அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும். பெயர் தேட உதவும், அவ்வளவுதான்.

தம்பிமாருக்குச் சொன்னது

வந்தாறுமூலைத் தம்பிமாருக்கு இந்தக் கதையைச் சொன்ன பிறகு, வேலையில் முதல் நாளே செய்யக்கூடியதாக ஒன்றைச் சொன்னேன். கையில் வரும் கோடு ஏதாவது ஓர் இலக்கத்தையோ திகதியையோ பெயரையோ பிரித்துப் பார்க்கிறது என்றால், அந்த விதியை எழுதிய இடம் எது என்று தேடுங்கள். எழுதிய இடம் இல்லையென்றால், விடை அச்சிட்டிருக்கும் உண்மையான ஆவணங்கள் சிலவற்றை எடுத்துக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். நெட்டாண்டில் ஒன்று, நெட்டாண்டு அல்லாததில் ஒன்று, பெப்ரவரிக்கு முன் ஒன்று, பின் ஒன்று, ஆண்டின் கடைசி நாளில் ஒன்று. ஒரே மாதிரியான பத்து உதாரணங்களை விட, ஒன்றுக்கொன்று மாறுபட்ட இந்த ஐந்தும் கூட வேலை செய்யும்.

கிடைத்த விதியை மனதில் வைத்திருக்காமல் டெஸ்டாக எழுதிவிடுங்கள். டெஸ்டின் பெயரே விதியைச் சொல்லட்டும். எங்கள் டெஸ்ட் கோப்பில் இன்று மேலே ஒரு குறிப்பு இருக்கிறது: அடையாள அட்டையில் எல்லா ஆண்டும் பெப்ரவரி 29 நாள், மார்ச் முதலாம் திகதி எப்போதும் 61. அண்மையில் ஒரு புதியவர் அந்தக் கணக்கைச் சுருக்கி எழுதப் போய், 2000 என்ற ஆண்டு அங்கே தேவையில்லாமல் இருக்கிறது என்று நினைத்து எடுத்துவிட்டார். மார்ச் டெஸ்டும் டிசம்பர் டெஸ்டும் உடனே தோற்றன. அவர் குறிப்பைப் படித்தார், வரியைத் திரும்பப் போட்டார். என்னிடம் கேட்க வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை.